ஆர்டர் மெயிலில் வருது... 'சம்மதம்' என்று எப்போது எழுதலாம்?

எங்கள் குள்ளஞ்சாவடியில் ஒரு பிள்ளை படிப்பை முடித்துவிட்டால் 'வேலை கிடைச்சுதா?' என்று யாரும் கேட்க மாட்டார்கள். 'ஆர்டர் வந்துடுச்சா?' என்றுதான் கேட்பார்கள். பக்கத்தில் நெய்வேலி இருப்பதால் வந்த பழக்கம் அது. 1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டதிலிருந்து இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேலை என்றால் அது ஒரு காகிதம். தபால்காரர் கொண்டுவந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் காகிதம்.

நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா, தன் ஆர்டரை இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். "ரெண்டு காப்பி வந்துச்சும்மா. ஒண்ணுல கையெழுத்துப் போட்டு அவங்ககிட்ட கொடுத்துட்டு, இன்னொண்ணை நான் வெச்சுக்கிட்டேன். இந்தத் தேதிக்குள்ள வந்து சேரணும்னு அதுலயே போட்டிருந்தது. அவ்ளோதான்" என்பார். அவருக்கு அதில் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. அதற்கு முன்பு அவர் எந்த வேலையிலும் இல்லை, விட்டுவிட்டு வர எதுவும் இல்லை.

அவருடைய தம்பி மகளுக்கு, அதாவது என் சித்தப்பா மகளுக்கு, போன வருடம் வந்த ஆர்டர் அப்படிப்பட்டது அல்ல. 2025 ஜூன் 2, திங்கட்கிழமை சாயந்திரம் அது மெயிலில் வந்தது. சென்னையில் ஒரு தனியார் நிறுவனம், கணக்குப் பிரிவில் வேலை, இப்போது வாங்குவதைவிட நல்ல சம்பளம். கீழே இரண்டு தேதிகள். 'ஜூன் 6, வெள்ளிக்கிழமைக்குள் இந்த மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்பி உங்கள் சம்மதத்தை உறுதி செய்யவும். ஜூலை 7, திங்கட்கிழமை பணியில் சேரவும்.'

அவள் அப்போது புதுச்சேரியில் ஒரு நிறுவனத்தில் மூன்று வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே நோட்டீஸ் பீரியட் 60 நாள். அந்தச் சம்பளத்தில்தான் படிப்புக் கடன் தவணை போய்க்கொண்டிருந்தது. ஒரு மாதம் இடைவெளி விழுந்தால்கூட வீட்டில் இழுபறிதான்.

"அக்கா, முதல்ல ஓ.கே-ன்னு போட்டுடறேன். தேதியை அப்புறம் பேசிக்கலாம்ல?" என்று போனில் கேட்டாள்.

'போடாதே, வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரமிருக்கிறது' என்றேன். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பதால் நீதிமன்றச் செய்திகளை எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. 'ஓ.கே' என்ற ஒரு வரி மெயில் எத்தனை கனமானது என்பதைக் காட்டும் வழக்கு ஒன்று எனக்குத் தெரியும்.

ஐந்து கப்பல் பாக்சைட்

2007 அக்டோபர் 15. துபாயைச் சேர்ந்த டிரைமெக்ஸ் என்ற நிறுவனம், வேதாந்தா அலுமினியம் நிறுவனத்துக்கு ஒரு மெயில் அனுப்பியது. ஆஸ்திரேலியாவிலிருந்து பாக்சைட் தாது தருகிறோம், விலை இவ்வளவு, தரம் இப்படி, பணம் இப்படித் தரவேண்டும் என்று அதில் விவரமாக இருந்தது. இரண்டு தரப்பும் சில மெயில்கள் பேசிக்கொண்ட பிறகு, மறுநாள் அக்டோபர் 16-ல் வேதாந்தா பக்கத்திலிருந்து பதில் வந்தது. ஐந்து கப்பல் சரக்குக்கு உறுதி செய்கிறோம் என்பது அதன் சாரம்.

இதை நம்பி டிரைமெக்ஸ் கப்பலுக்கு ஏற்பாடு செய்தது. முத்திரை, கையெழுத்துடன் போடவேண்டிய முறையான ஒப்பந்தம் இன்னும் வரைவாகவே இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் வேதாந்தா, சரக்கு இப்போது வேண்டாம், நிறுத்திவையுங்கள் என்றது. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 'முறையான ஒப்பந்தத்தில் நாங்கள் கையெழுத்தே போடவில்லை, பல விஷயங்கள் பேசி முடிக்கப்படவில்லை, அப்புறம் ஏது ஒப்பந்தம்?' என்பது வேதாந்தாவின் வாதம்.

2010 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னவர் நீதிபதி பி.சதாசிவம். ஈரோடு மாவட்டம் பவானி பக்கத்துக் கிராமத்திலிருந்து போய், பின்னால் இந்தியாவின் தலைமை நீதிபதியானவர். விலை, அளவு, தரம், பணம் தரும் விதம் என்று முக்கியமானவை எல்லாம் முதல் மெயிலிலேயே இருக்கின்றன, அதைத் தெளிவாக ஏற்றுக்கொண்டு பதில் போன அந்த நிமிடமே ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்றார் அவர். பிறகு கையெழுத்தாக வேண்டிய காகிதம் கையெழுத்தாகவில்லை என்பதற்காக, ஏற்கெனவே உருவான ஒப்பந்தம் இல்லாமல் போய்விடாது. விவகாரம் மத்தியஸ்தருக்கு அனுப்பப்பட்டது.

இது சரக்கு வியாபார வழக்குதான், வேலை வழக்கு அல்ல. ஆனால், இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே சட்டம். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். ஆஃபர் லெட்டர் என்பது அந்தச் சட்டத்தின் கண்ணில் ஒரு முன்மொழிவு. நீங்கள் அனுப்பும் 'சம்மதம்' மெயில்தான் அதை ஒப்பந்தமாக்குகிறது. சேர்ந்த அன்று போடும் கையெழுத்துதான் முக்கியம், மெயில் சும்மா மரியாதைக்கு என்று நினைத்தால், வேதாந்தா செய்த வாதத்தைத்தான் நாமும் செய்கிறோம்.

'சரி, ஆனா...' என்பது சம்மதமா?

தங்கச்சியின் இரண்டாவது யோசனை, "அப்போ, சம்மதம், ஆனா ஆகஸ்டுலதான் சேர முடியும்னு ஒரே மெயில்ல எழுதிடட்டுமா?"

இங்கேதான் அதே சட்டத்தின் 7-வது பிரிவு வருகிறது. சம்மதம் முழுமையாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும் என்கிறது அது. எங்கள் ஊரில் முந்திரிக்கொட்டை பேரம் பார்த்தவர்களுக்கு இது புரியும். 'மூட்டை இந்த விலை' என்கிறார் விவசாயி. 'சரி, எடுத்துக்கறேன், ஆனா இருநூறு குறைச்சுக்கோங்க' என்கிறார் வியாபாரி. இதில் 'சரி' என்ற வார்த்தை இருக்கிறது. ஆனாலும் வியாபாரம் முடிந்துவிட்டதாக யாரும் நினைப்பதில்லை. வியாபாரி புதிதாக ஒரு விலை சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். விவசாயி இப்போது வேறு ஆளுக்கு விற்றால் யாரும் குறை சொல்ல முடியாது.

'சம்மதம், ஆனால் ஆகஸ்டில்தான் சேருவேன்' என்ற மெயிலும் இப்படித்தான். எழுதியவர் ஆஃபரை ஏற்றுக்கொண்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். சட்டப்படி அவர் நிறுவனத்தின் ஆஃபரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புது ஆஃபர் ஒன்றை முன்வைத்திருக்கிறார். நிறுவனம் பதில் சொல்லாமல் இருந்தால் கையில் எதுவும் இல்லை. அந்த மெயிலை நம்பிப் பழைய வேலையை ராஜினாமா செய்திருந்தால், இரண்டும் இல்லை.

அதனால் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். முதலில் கேள்வி மெயில். அதற்குப் பதில் வந்த பிறகு சம்மத மெயில்.

முதல் மெயில்

கேள்வி மெயிலுக்கு முன் நாள்களை எண்ணினோம். வெள்ளிக்கிழமை சம்மதம் அனுப்பி, அடுத்த திங்கட்கிழமை ஜூன் 9-ல் ராஜினாமா கொடுத்தால், மறுநாளிலிருந்து 60 நாள் எண்ணும்போது கடைசி நாள் ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை. கொடுத்த நாளையும் சேர்த்து எண்ணினால் ஆகஸ்ட் 7. இந்த ஒருநாள் வித்தியாசம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நாங்கள் பிந்தைய நாளையே வைத்துக்கொண்டோம். அடுத்த திங்கள் ஆகஸ்ட் 11. கேட்கவேண்டிய தேதி அதுதான்.

ஜூலை 7-லேயே சேர வேண்டுமென்றால் இன்னொரு வழி இருக்கிறது. குறையும் நாள்களுக்கான சம்பளத்தைப் பழைய நிறுவனத்துக்குக் கட்டிவிட்டு வருவது. ஆனால், பழைய நியமனக் கடிதத்தில் அதற்கு அனுமதி இருக்க வேண்டும். அவளுடைய கடிதத்தில் 'நிர்வாகம் ஒப்புக்கொண்டால்' என்று இருந்தது. நிர்வாகத்தின் மனசு நம் கையில் இல்லையே. அதை நம்பித் தேதி கொடுக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் அனுப்பிய மெயிலில் மூன்று விஷயங்கள் இருந்தன. தன்னுடைய நோட்டீஸ் பீரியட் 60 நாள், ஆகவே ஆகஸ்ட் 11-ல் சேர அனுமதித்துக் கடிதத்தைத் திருத்தித் தர முடியுமா என்பது ஒன்று. பின்னணிச் சரிபார்ப்புக்காக இப்போதைய நிறுவனத்தைத் தொடர்புகொள்வதாக இருந்தால், தான் ராஜினாமா கொடுத்த பிறகே செய்ய வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவது, இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்ததும் ஜூன் 6-க்குள் தன் முடிவை அனுப்புகிறேன் என்ற வரி. 'சம்மதம்' என்ற சொல்லும் இல்லை, 'மறுக்கிறேன்' என்ற சொல்லும் இல்லை. கேள்வி கேட்பது ஆஃபரைத் தள்ளுவதாகாது.

இரண்டாவது விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஆஃபர் லெட்டரில் 'பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட்டது' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு உட்பட்டு, புது நிறுவனம் வைத்திருக்கும் ஆள் ஒருவர் பழைய அலுவலகத்துக்குப் போன் போட்டு, 'இவர் உங்களிடம் வேலை பார்க்கிறாரா?' என்று கேட்பார். நீங்கள் ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே அந்தப் போன் போனால், மேனேஜர் முகத்தை மறுநாள் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

புதன்கிழமை ஹெச்.ஆரிடமிருந்து போன் வந்தது. "நீங்க அக்செப்ட் பண்ணி அனுப்பிடுங்க மேடம், டேட்டை அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்." பேசியவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால், ஜூலை 7 என்று எழுதிய கடிதத்துக்குச் சம்மதம் அனுப்பினால், ஜூலை 7-க்குத்தான் சம்மதம். ஜூலையில் அவர் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தால், இந்தப் போன் பேச்சு எங்கே இருக்கும்? "ரொம்ப நன்றி மேடம். அதையே கடிதத்துல மாத்தி அனுப்பிட்டீங்கன்னா, வெள்ளிக்கிழமைக்குள்ள நான் கன்ஃபர்ம் பண்ணிடறேன்" என்றாள் தங்கச்சி. அன்று முழுவதும் சித்தி அவளிடம் சரியாகப் பேசவில்லை. 'வர்ற லட்சுமியைக் கேள்வி கேட்டுத் துரத்துறா' என்று பெரியப்பாவிடம் போய்ப் புலம்பியிருக்கிறார்.

வியாழக்கிழமை சாயந்திரம் திருத்திய கடிதம் வந்தது. சேரும் தேதி ஆகஸ்ட் 11.

இரண்டாவது மெயில்

வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு அவள் அனுப்பியது ஆங்கிலத்தில்தான். தமிழில் சொன்னால் இப்படி:

பொருள்: பணி வாய்ப்பை ஏற்றுக்கொள்கிறேன் – கணக்குப் பிரிவு அலுவலர் – சேரும் தேதி 11.08.2025

'அன்புடையீர், 05.06.2025 தேதியிட்ட தங்கள் திருத்திய கடிதத்தில் உள்ள நிபந்தனைகளின்படி, கணக்குப் பிரிவு அலுவலர் பணியை ஏற்றுக்கொள்கிறேன். கையெழுத்திட்ட பிரதியை இணைத்திருக்கிறேன். 11.08.2025 திங்கட்கிழமை தங்கள் சென்னை அலுவலகத்தில் பணியில் சேருவேன்.

தாங்கள் கேட்ட ஆவணங்களில் கல்விச் சான்றிதழ்கள், பான், ஆதார், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கி விவரம் ஆகியவற்றின் நகல்கள் இத்துடன் உள்ளன. இப்போதைய நிறுவனத்தின் பணிவிடுப்புக் கடிதம் என் கடைசி வேலைநாளுக்குப் பிறகே கிடைக்கும். கிடைத்ததும் சமர்ப்பிக்கிறேன். அதற்கு முன், ராஜினாமா ஏற்கப்பட்ட மெயிலின் நகலை அனுப்புகிறேன்.

இந்த மெயில் கிடைத்ததை உறுதிசெய்து, சேரும் நாளில் வரவேண்டிய நேரம், சந்திக்கவேண்டியவர் ஆகிய விவரங்களைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

அவ்வளவுதான். 'வாழ்க்கையில் கிடைத்த பெரிய வாய்ப்பு' என்று ஒரு பத்தி அவள் எழுதியிருந்தாள், அவளே எடுத்துவிட்டாள். எந்தத் தேதியிட்ட கடிதம், எந்தப் பதவி, எந்த நாள் என்ற மூன்றும் முதல் இரண்டு வரிகளிலேயே இருக்கின்றன. ஒரே வேலைக்கு இரண்டு கடிதம் வந்திருப்பதால், எதை ஏற்கிறோம் என்பதைத் தேதி போட்டுச் சொல்லாவிட்டால் குழப்பம்தான்.

எந்த முகவரிக்கு அனுப்புகிறோம் என்பதற்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 13-வது பிரிவின்படி, 'இந்த முகவரிக்கு அனுப்புங்கள்' என்று நிறுவனம் குறிப்பிட்டிருந்தால், அங்கே போய் விழுந்த நேரமே மெயில் சேர்ந்த நேரம். வேறு முகவரிக்கு அனுப்பினால், அவர்கள் அதைத் திறந்து எடுக்கும் நேரம்தான் கணக்கு. நேர்காணலுக்கு ஏற்பாடு செய்த ஆளின் சொந்த முகவரிக்கு வெள்ளிக்கிழமை அனுப்பி, அவர் அதைத் திங்கட்கிழமை திறந்தால், வெள்ளிக்கிழமைக் கெடு தாண்டிவிட்டது. கெடு தாண்டிய ஆஃபர் தானாகவே காலாவதியாகிவிடும். அதனால் கடிதம் எந்த முகவரியிலிருந்து வந்ததோ, எதற்குப் பதில் போடச் சொன்னார்களோ, அதே மெயிலுக்கு 'ரிப்ளை' போடுவதே சரி. பழைய கடிதமும் கீழே ஒட்டிக்கொண்டே போகும். சம்மதித்தது எதற்கு என்பதில் பின்னால் வாக்குவாதம் வராது.

இனிஷியல் படுத்தும் பாடு

ஆவணங்களை ஸ்கேன் செய்யும்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் அவள் பெயருக்குப் பின்னால் இனிஷியல். ஆதாரில் பெயருக்கு முன்னால் இனிஷியல். பான் கார்டில் இனிஷியலே இல்லை, சித்தப்பாவின் முழுப்பெயர் அவள் பெயரோடு சேர்ந்து நிற்கிறது. பான் விண்ணப்பத்தில் முதல் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும் இனிஷியல் மட்டும் போடக் கூடாது என்பது விதி. குடும்பப் பெயர் இல்லாத நாம் அங்கே அப்பா பெயரை விரித்து எழுதுகிறோம். ஊருக்குத் தெரிந்த ஒரு பெண், கம்ப்யூட்டருக்கு மூன்று பெண்கள்.

இது எங்கே இடிக்கும் என்றால், பி.எஃப்-ல். ஏற்கெனவே வேலை பார்த்தவருக்கு யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் இருக்கும். புது நிறுவனம் அதே எண்ணில்தான் பணம் கட்ட வேண்டும், வாழ்நாளுக்கும் ஒரே எண். அந்தக் கணக்கில் உள்ள பெயர், பிறந்த தேதி எல்லாம் ஆதாரோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பழைய பணத்தைப் புதுக் கணக்குக்கு மாற்றும்போது மாட்டிக்கொள்ளும். தங்கச்சியின் பி.எஃப். கணக்கில் இனிஷியல் விடுபட்டிருந்தது. பழைய நிறுவனத்தில் இருக்கும்போதே, இரண்டு மாத நோட்டீஸ் காலத்தில், அதைத் திருத்த விண்ணப்பித்துவிட்டாள். பழைய நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்படும் திருத்தம் என்றால், அங்கே வேலையில் இருக்கும்போது கேட்பது சுலபம். வெளியே வந்த பிறகு யாரைப் போய்ப் பார்ப்பது? மற்ற ஆவணங்களில் இருந்த வித்தியாசத்துக்கு, 'மூன்றும் என்னையே குறிக்கும்' என்று சம்மத மெயிலின் கடைசியில் ஒரு வரி சேர்த்தோம். சரிபார்ப்பவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டால், அது ஒரு விளக்கம். கேட்ட பிறகு சொன்னால், சந்தேகத்துக்குப் பதில்.

ஆதாரை அனுப்புவதிலும் ஒரு சின்ன விஷயம். ஆதார் இணையதளத்தில் இறக்கும் பி.டி.எஃப்-புக்குப் பூட்டு உண்டு. பெயரின் முதல் நான்கு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதோடு பிறந்த வருடம். இனிஷியல் முன்னால் இருந்தால், அதுவும் புள்ளியும் அந்த நான்கில் சேரும். 1990-ல் பிறந்த பி.குமார் என்றால் `P.KU1990`. இது தெரியாமல் அப்படியே இணைத்து அனுப்பினால், அந்தப் பக்கம் ஹெச்.ஆர். திறக்க முடியாமல் 'ஆவணம் வரவில்லை' என்று குறித்துக்கொள்வார். பூட்டை எடுத்த நகலை அனுப்பலாம். முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரையும் அதே தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். அதை ஏற்பார்களா என்று கேட்டுவிட்டு அனுப்புவது நல்லது.

ஒரிஜினல் சான்றிதழ்களைப் பற்றிப் பெரியப்பா ஒன்று சொன்னார். "காட்டு. கையில கொடுத்துட்டு வராத." மெயிலில் நகல், சேரும் நாளில் ஒரிஜினலைக் காட்டிச் சரிபார்த்து அன்றே திரும்ப வாங்கிக்கொள்வது என்பதுதான் வழக்கம். 'ஒரு வருடம் எங்களிடம் இருக்கட்டும்' என்று கேட்கும் இடமென்றால், அது சம்மத மெயிலுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டிய நிபந்தனை.

ராஜினாமா எப்போது?

சம்மத மெயில் போய்விட்டது. உடனே ராஜினாமா கொடுக்கலாமா? அவள் கொடுக்கவில்லை. 'தங்கள் சம்மதம் கிடைத்தது, ஆகஸ்ட் 11 காலை 9.30-க்கு வரவும்' என்ற பதில் சனிக்கிழமை வந்தது. திங்கட்கிழமைதான் புதுச்சேரியில் ராஜினாமாவை மெயிலில் கொடுத்தாள். கடைசி நாள் ஆகஸ்ட் 8 என்று அவர்கள் எழுதி அனுப்பினார்கள். அதன் நகல் அன்றே சென்னைக்குப் போனது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு எல்லை இருக்கிறது, அதை அவளிடம் மறைக்கவில்லை. ஒப்பந்தம் உருவான பிறகும் நிறுவனம் ஆஃபரைத் திரும்பப் பெற்றால், 'இவரை வேலைக்கு வை' என்று தனியார் நிறுவனத்துக்கு நீதிமன்றம் பொதுவாக உத்தரவிடாது. ஆளின் உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தை அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது என்பது சட்டம். அதே காரணத்தால்தான், சம்மதித்துவிட்டுச் சேராதவரையும் இழுத்துவந்து நாற்காலியில் உட்கார வைக்க முடியாது. இரண்டு பக்கமும் கேட்கக்கூடியது நஷ்ட ஈடு. அதற்கும் எழுத்தில் என்ன இருக்கிறது என்பதே ஆதாரம். 'உங்கள் உறுதியை நம்பி இந்தத் தேதியில் வேலையை விட்டேன்' என்று காட்ட, அந்த நான்கைந்து மெயில்கள் வரிசையாக இருக்க வேண்டும். போனில் பேசியதையெல்லாம் எங்கே போய்க் காட்டுவது?

ஆஃபர் லெட்டரோடு கதை முடிவதுமில்லை. சேர்ந்த பிறகு நியமனக் கடிதம் தனியாக வரும். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், பணியாளருக்கு நியமனக் கடிதம் தருவதை நிறுவனத்தின் கடமையாக்கியிருக்கின்றன. அது கைக்கு வந்ததும், சம்மதித்த ஆஃபர் லெட்டரைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட வேண்டும். சம்பளம், பதவி, ஊர், புது நோட்டீஸ் பீரியட் என்ற நான்கும் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. தங்கச்சிக்கு வந்த நியமனக் கடிதத்தில், ஆஃபரில் 60 நாள் என்றிருந்த நோட்டீஸ் 90 நாள் என்று இருந்தது. பழைய மெயிலைச் சுட்டிக்காட்டி ஒரு வரி எழுதினாள். வேறு பதவிக்கான படிவம் தவறி வந்துவிட்டது என்று சொல்லி இரண்டு நாளில் மாற்றிக் கொடுத்தார்கள்.

அந்த மெயில் வரிசை முழுவதையும் அவள் பிரின்ட் எடுத்து ஊருக்குக் கொண்டுவந்தாள். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை படித்தார். "எங்க காலத்துல அவங்க சொன்னதுக்குக் கையெழுத்துப் போட்டோம். நீ கேட்டு, மாத்தி, அப்புறம் போட்டிருக்க" என்றார். பிறகு, "இதை எதுல வெச்சுக்கப் போற?" என்று கேட்டார்.

நீல நிறத்தில் ஒரு ஃபைல் வாங்கியிருக்கிறாள். அவளுடைய அடுத்த ராஜினாமாவில் நோட்டீஸ் எத்தனை நாள் என்பது அதில் இருக்கிறது.